பழைய லேப்டாப்பில் நாலைந்து சின்னப் பழுது: திருத்துவதா, மாற்றுவதா?

என்ட லேப்டாப்பில நாலஞ்சு சின்னச் சின்னப் பழுது. திருத்துறதா, வேற வாங்குறதா?

மதர்போட் நல்ல நிலையில் இருந்து, எல்லாப் பழுதையும் சேர்த்துத் திருத்தும் செலவு, அதே வேலையைச் செய்யக்கூடிய ஒரு பாவித்த லேப்டாப்பின் விலையில் பாதிக்குள் நின்றால் திருத்துங்கள். மதர்போட்டிலேயே கோளாறு தொடங்கிவிட்டால், மற்றப் பழுதுகள் எவ்வளவு சின்னதாக இருந்தாலும் அதில் காசு போட வேண்டாம். எந்த முடிவாக இருந்தாலும் உள்ளே இருக்கும் கோப்புகளை முதலில் வெளியே எடுத்துவிடுங்கள்.

இதை ஒரு உதாரணத்தோடு சொன்னால்தான் விளங்கும். நான் திருகோணமலையில் லேப்டாப் திருத்துகிறேன். மூதூரிலிருந்து ஒரு ஆசிரியை 2016இல் வாங்கிய 15.6 அங்குல லேப்டாப் ஒன்றைக் கொண்டுவந்தார். i5-6200U புரொசசர், 8 ஜிபி ரேம், 500 ஜிபி ஹாட் டிஸ்க். "தம்பி, இதில அஞ்சு பழுது இருக்கு. கடைசியாக் காட்டின இடத்தில குப்பையில போடச் சொன்னாங்க" என்றார். திறந்து வேலைக்கு வர கால் மணி நேரம் எடுத்தது. சார்ஜரைக் கழற்றினால் பத்து நிமிடத்தில் நின்றது. கீபோட்டில் மூன்று விசை வேலைசெய்யவில்லை. இடப்பக்கப் பிணைச்சல் உடைந்து மூடி ஆடியது. டச்பாட்டை அழுத்தினால் கிளிக் ஆகவில்லை. கீழே வரும் பதில்களில் இந்த லேப்டாப்பைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லப் போகிறேன்.

இத்தனை வருசம் ஒழுங்கா இருந்துட்டு, எல்லாம் ஒரே நேரத்தில பழுதாகிறது ஏன்?

பெரும்பாலும் அவை ஐந்தும் தனித்தனிப் பழுது அல்ல. ஒரே மூலத்தின் பல அடையாளங்கள் அதில் கலந்திருக்கும். பணத்தைக் கணக்குப் போடும் முன் இதைப் பார்ப்பது முக்கியம், ஏனென்றால் ஐந்துக்கும் தனித்தனியாக விலை கேட்டால் லேப்டாப் செத்துவிட்டது போலத் தெரியும்.

டீச்சருடைய லேப்டாப்பை மேசையில் வைத்து ஒரு மூலையைத் தட்டிப் பார்த்தேன். அது ஆடியது. அடிமூடி நடுவில் மெல்ல உப்பியிருந்தது. உள்ளே இருந்த பற்றரி வீங்கி, மேலே இருந்த டச்பாட்டைக் கீழிருந்து தள்ளிக்கொண்டிருந்தது. டச்பாட்டுக்குக் கீழே இடமில்லாவிட்டால் அது எப்படிக் கிளிக் ஆகும்? டச்பாட் பழுதாகவே இல்லை. பற்றரியைக் கழற்றியதும் அது தானாக வேலைசெய்தது. ஐந்தில் ஒன்று அங்கேயே குறைந்தது.

உங்களுடைய லேப்டாப்பிலும் டச்பாட் கிளிக் ஆகாமல், மூடி முழுதாக மூடாமல், மேசையில் தட்டையாக உட்காராமல் இருந்தால் உடனே நிறுத்தி, சார்ஜரைக் கழற்றுங்கள். வீங்கிய பற்றரியைச் சார்ஜ் செய்யக்கூடாது. அமுக்கி மூடவும் கூடாது. ஊசியால் குத்தி வாயுவை விடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், அது தீப்பிடிக்கும்.

இன்னொரு மூலம் எங்கள் ஊர்க் காற்று. கடற்கரைக்குப் பக்கத்து வீட்டில் ஜன்னலோரம் வைத்துப் பாவித்த லேப்டாப்பைத் திறந்தால், யூஎஸ்பி வாய், சார்ஜர் வாய், கீபோட் ரிப்பன் முனை எல்லாவற்றிலும் கறள் தெரியும். மாரி காலத்தில் ஈரம் சேர்ந்தால் கூடும். மேலோட்டமாக இருந்தால் ஐசோபுரோப்பைல் அல்கஹோல் தொட்டுத் துடைத்தால் போதும், சாமான் வாங்கத் தேவையில்லை. மதர்போட்டுக்குள் இறங்கிவிட்டால் கதை வேறு. அதைக் கீழே சொல்கிறேன்.

திருத்தக் குடுக்க முதல் நான் என்ன செய்யணும்?

கோப்புகளைப் பிரதி எடுங்கள். வேகமாக்குகிறேன் என்று விண்டோஸை மீளப் போடுவது, defragment ஓடவிடுவது, chkdsk கொடுப்பது எல்லாம் இதற்குப் பிறகுதான். ஹாட் டிஸ்க் நொந்துபோயிருந்தால் அந்த வேலைகள் எல்லாம் அதை மணிக்கணக்கில் ஓடவைத்து, எடுக்கக்கூடியதாக இருந்ததையும் எடுக்க முடியாமல் ஆக்கிவிடும்.

வெளி ஹாட் டிஸ்க்கைச் செருகி, கோப்புகளை மவுஸால் இழுத்துப் போடுவதுதான் வழக்கம். ஆனால் பழுதான ஒரு கோப்பில் முட்டினால் முழுப் பிரதியும் அங்கேயே நிற்கும். விண்டோஸில் ஏற்கெனவே இருக்கும் robocopy அப்படி நிற்காது. Command Prompt திறந்து இதைக் கொடுங்கள். E: என்ற இடத்தில் உங்கள் வெளி டிஸ்க்கின் எழுத்தைப் போடுங்கள்.

```
robocopy "%USERPROFILE%\Documents" "E:\backup\Documents" /E /R:1 /W:1 /XJ /LOG:E:\log.txt
```

இதில் உயிரானது `/R:1 /W:1`. இது இல்லாவிட்டால் வாசிக்க முடியாத ஒரு கோப்பை robocopy பத்து இலட்சம் தடவை, ஒவ்வொன்றுக்கும் 30 விநாடி காத்திருந்து முயலும். இப்படிக் கொடுத்தால் ஒரு தடவை மட்டும் திரும்ப முயன்று அடுத்ததற்குப் போகும். எது விடுபட்டது என்று log.txt சொல்லும். Documents என்ற சொல்லை இரண்டு இடத்திலும் Desktop, Pictures, Downloads என மாற்றி மறுபடி ஓடவிடுங்கள். ஒவ்வொரு தடவையும் log கோப்பின் பெயரையும் மாற்றுங்கள், இல்லாவிட்டால் பழையது அழிந்துபோகும்.

ஆசிரியர்களுக்கு இன்னொரு விடயம். டீச்சரிடம் பல வருடத்து வினாத்தாள்கள் பாமினி எழுத்துருவில் இருந்தன. கோப்பைப் பிரதி எடுத்துவிட்டு எழுத்துருவை விட்டுவிட்டால், புதுக் கணினியில் வினாத்தாள் முழுவதும் ஆங்கில எழுத்துக் குழப்பமாகத்தான் திறக்கும். ஆகவே C:\Windows\Fonts இலிருந்து உங்கள் தமிழ் எழுத்துருக்களையும் சேர்த்து எடுங்கள். பாமினியை இணையத்தில் பிறகும் தேடி எடுக்கலாம். அயலவர் தந்த, பெயர் மறந்த எழுத்துரு ஒன்று இருந்தால் அது திரும்பக் கிடைக்காது.

பிரதி எடுத்தபின் வெளி டிஸ்க்கை வேறொரு கணினியில் செருகி, பத்துக் கோப்பையாவது திறந்து பாருங்கள். படங்களில் கோப்புறையின் கடைசியில் இருப்பவற்றையும் திறவுங்கள். பெயர் தெரிவதால் கோப்பு வந்துவிட்டது என்று அர்த்தமில்லை.

ஹாட் டிஸ்க் சாகப்போகுது எண்டு எப்படித் தெரியும்?

CrystalDiskInfo என்ற இலவச மென்பொருளைப் போட்டுத் திறந்தால் மேலே Good, Caution, Bad என்று ஒன்று காட்டும். கீழே வரிசையில் மூன்று வரியின் Raw Values எண்ணைப் பாருங்கள்: 05, C5, C6. 05 என்பது பழுதாகி மாற்றிடம் கொடுக்கப்பட்ட பகுதிகள். C5 என்பது வாசிக்க முடியாமல் இன்னும் தீர்மானிக்கப்படாமல் நிற்கும் பகுதிகள். C6 என்பது டிஸ்க் தானே சோதித்தும் திருத்த முடியாமல் போனவை. மூன்றும் பூச்சியமாக இருந்தால் நிம்மதி.

டீச்சருடையதில் C5இல் 18 என்று இருந்தது. அந்த எண் பத்துக்குப் பதில் பதினாறை அடியாக வைத்து எழுதப்படுவது, அதனால் உண்மையில் பதினாறும் எட்டும் சேர்ந்த 24. அவருடைய லேப்டாப் கால் மணி நேரம் எடுத்ததற்குக் காரணம் அதுதான். விண்டோஸ் அந்த 24 இடத்தில் ஒன்றைத் தொடும்போதெல்லாம் டிஸ்க் திரும்பத் திரும்ப வாசிக்க முயன்று காலம் கடத்துகிறது. அப்படியானால் ஹாட் டிஸ்க்குக்குப் பதில், சுழலும் தட்டு இல்லாத எஸ்எஸ்டி போடுவது வேகத்துக்கு மட்டுமல்ல, கோப்புகளைக் காப்பதற்கும்தான்.

05 பல மாதமாக ஒரே எண்ணில் நின்றால் அவ்வளவு பயம் இல்லை. C5 வாரத்துக்கு வாரம் கூடினால் அந்த டிஸ்க்கில் புதிதாக எதையும் சேமிக்காதீர்கள். டிக், டிக் என்று தட்டும் சத்தம் வந்தால் நிறுத்துங்கள், திரும்பப் போடவே வேண்டாம். உள்ளே வாசிக்கும் தலை சுழலும் தட்டில் உரசினால் ஒவ்வொரு நிமிடமும் தரவு சுரண்டப்படும். உறைபெட்டியில் வைத்தால் வேலைசெய்யும் என்ற பேச்சும் உண்டு. எங்கள் ஊர் ஈரத்தில் வெளியே எடுத்தவுடன் டிஸ்க்குக்குள் நீர் படியும். அந்தத் தரவு உண்மையில் வேண்டுமென்றால் தரவு மீட்கும் ஆட்களிடம்தான் போக வேண்டும், அதற்கான செலவு லேப்டாப் விலையோடு ஒப்பிட முடியாத வேறொரு கணக்கு.

எந்தப் பழுது வந்தா "போதும்" எண்டு விடணும்?

மதர்போட் பழுது. அது எப்படித் தெரியும் என்பதுதான் கேள்வி. சாமான் பழுது ஒரே இடத்தில் ஒரே மாதிரி நடக்கும். மூன்று விசை வேலைசெய்யவில்லை என்றால் நாளையும் அதே மூன்றுதான். போட் பழுது இடம் மாறும், நேரம் மாறும். காலையில் திறக்கும், மதியம் திறக்காது. சில நேரம் சார்ஜரை அடையாளம் காணும், சில நேரம் காணாது. திடீரென நிற்கும். மழை நாளில் கூடும்.

வீட்டிலேயே பிரித்துப் பார்க்கலாம். யூஎஸ்பி கீபோட் ஒன்றைச் செருகுங்கள். அதில் எல்லா விசையும் சரியென்றால் உங்கள் கீபோட் மட்டும்தான் பழுது. ஸ்கிரீன் மினுங்கினால் எச்டிஎம்ஐ வயரால் டிவியில் இணைத்துப் பாருங்கள். டிவியில் சுத்தமாக இருந்து, மூடியை அசைக்கும்போது மட்டும் லேப்டாப்பில் மினுங்கினால் அது பிணைச்சலுக்குள் ஓடும் வயர். டிவியிலும் அதே கோடு வந்தால் போட்.

திறந்து பார்ப்பவரிடம் ஒரு படம் கேளுங்கள். போட்டில் பச்சை அல்லது வெள்ளைப் படிவு பூத்து, சிறு சிப்புகளின் கால்களுக்கிடையே இறங்கியிருந்தால், இன்று ஒரு இடம் திருத்தினாலும் இரண்டு மாதத்தில் இன்னொரு இடம் வெடிக்கும். அந்த நிலையில் எஸ்எஸ்டியை மட்டும் கழற்றிக்கொண்டு லேப்டாப்பை விட்டுவிடச் சொல்லி நானே சொல்வேன், அது எனக்கு வேலை குறைவு என்றாலும்.

சார்ஜர் வாய் ஆடுவது மட்டும் இதில் சேராது. பல லேப்டாப்பில் அது போட்டில் பற்றவைக்கப்படாமல் தனி வயரில் இருக்கும், மலிவாக மாற்றலாம். ஆனால் ஆடும் வாயோடு மாதக்கணக்கில் பாவிக்காதீர்கள். தீப்பொறி விழுந்து சூடாகி, மலிவான பழுது போட் பழுதாக மாறும்.

பிணைச்சல் உடைஞ்சா பசை போட்டு ஒட்டலாமா?

ஒட்டலாம், ஆனால் பெரும்பாலானோர் ஒரு படியை விட்டுவிடுகிறார்கள். பிணைச்சல் ஏன் உடைந்தது? உள்ளே இருக்கும் இரும்புப் பிணைச்சல் இறுகிப்போய், மூடியைத் திறக்கும் ஒவ்வொரு தடவையும் தன்னைப் பிடித்திருக்கும் பித்தளை நட்டுகளைப் பிளாஸ்டிக்கிலிருந்து பிடுங்கியது. அந்த இறுக்கத்தைத் தளர்த்தாமல் பசை மட்டும் போட்டால், எவ்வளவு நல்ல பசையும் சில வாரத்தில் விடும். முதலில் பிணைச்சல் முனையில் உள்ள நட்டைச் சிறிது தளர்த்தி, துளி எண்ணெய் விட்டு, இரு கையாலும் மெதுவாகத் திறந்து மூடிப் பார்க்க வேண்டும். பிறகுதான் இரண்டு குழாயாக வரும் எபொக்சி. சுப்பர் குளூ இதற்கு நிற்காது, அது விறைத்து வெடிக்கும்.

பிணைச்சலைத் தள்ளிப்போட வேண்டாம். ஸ்கிரீன் உடைவதும் அதன் வயர் அறுவதும் பல நேரம் உடைந்த பிணைச்சலோடு பாவித்ததால்தான். மாற்றும்வரை மூடியை மூடாமல் ஒரு கோணத்தில் விட்டுப் பாவியுங்கள்.

சாமான் திருமலையில கிடைக்குமா, கொழும்புக்கே போகணுமா?

எஸ்எஸ்டி, ரேம், பொதுவான சார்ஜர் இங்கேயே கிடைக்கும். பற்றரி, கீபோட், ஸ்கிரீன், கீபோட் பொருந்தியிருக்கும் மேலுடல் போன்ற அந்தந்த மொடலுக்கான சாமான் பெரும்பாலும் கொழும்பில்தான், பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாப் பக்கம் தேட வேண்டியிருக்கும். அதற்காக நீங்கள் பஸ் ஏறத் தேவையில்லை. சரியான இலக்கத்தை அனுப்பினால் கூரியரில் வரும்.

அந்த "சரியான இலக்கம்" என்பதில்தான் காசு வீணாகிறது. லேப்டாப்பின் மொடல் பெயரை மட்டும் சொல்லி வாங்காதீர்கள். ஒரே மொடலில் 30 பின் ஸ்கிரீனும் 40 பின் ஸ்கிரீனும் வரும், ஒன்று மற்றதற்குப் பொருந்தாது. ஒரே மொடலில் 3 செல், 4 செல் என இரண்டு பற்றரி வரும், வோல்ட் வேறு. பழைய சாமானைக் கழற்றி அதன் பின்பக்க ஸ்டிக்கரைப் படம் எடுத்து, அதில் உள்ள இலக்கத்தைத்தான் அனுப்ப வேண்டும். கீபோட்டுக்கு ரிப்பன் எந்தப் பக்கம் வருகிறது என்றும் ஒரு படம்.

பற்றரியில் இன்னொரு பிரச்சினை. பழைய மொடலுக்கான பற்றரி கடைத் தட்டில் வருடக்கணக்கில் கிடந்ததாக இருக்கலாம். லித்தியம் பற்றரி பாவிக்காமலும் கிழமாகும். வாங்கிய முதல் வாரமே முழுதாக ஒரு தடவை சார்ஜ் ஏற்றி இறக்கிவிட்டு, Command Prompt திறந்து இதைக் கொடுங்கள்.

```
powercfg /batteryreport
```

எங்கே கோப்பு சேமிக்கப்பட்டது என்று திரையில் வரும். அதைத் திறந்து DESIGN CAPACITY, FULL CHARGE CAPACITY இரண்டையும் ஒப்பிடுங்கள். புதியது என்று தந்த பற்றரியில் இரண்டாவது எண் முதலாவதைவிட மிகக் குறைவாக இருந்தால் உத்தரவாதக் காலத்துக்குள் திருப்பிக் கொடுங்கள். டீச்சருடைய பழைய பற்றரியில் இரண்டாவது எண் முதலாவதில் பத்தில் ஒன்றுகூட இல்லை.

கணக்கை எப்படிப் போடுறது?

டீச்சருக்கு நான் எழுதிக் கொடுத்த தாளையே இங்கே விரிக்கிறேன். விலை மாதத்துக்கு மாதம் மாறும், உங்கள் எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள். போடும் முறைதான் விடயம்.

முதலில் தனித்தனியாக விலை கேட்டோம். எஸ்எஸ்டி 256 ஜிபி 8,500 ரூபாய், பற்றரி 11,000, கீபோட் 6,500, பிணைச்சல் வேலை 6,000, கூலி 4,000. மொத்தம் 36,000. டச்பாட் சும்மா சரியாகிவிட்டது.

பிறகு லேப்டாப்பைத் திறந்து வைத்து யோசித்தேன். அந்த மொடலில் கீபோட் மேலுடலோடு பிளாஸ்டிக் முளைகளால் உருக்கி ஒட்டப்பட்டிருந்தது. பிணைச்சலின் பித்தளை நட்டுகளும் அதே மேலுடலில்தான். ஆகவே கீபோட்டோடு கூடிய முழு மேலுடல் ஒன்று, வேறொரு லேப்டாப்பிலிருந்து கழற்றியது, கிடைத்தால் இரண்டு பழுதும் ஒரே சாமானில் தீரும். கொழும்பில் 11,000 ரூபாய்க்குக் கிடைத்தது. முளை உருக்கவும் தேவையில்லை, பசை போடவும் தேவையில்லை. மொத்தம் 34,500 ஆனது. குறைந்தது 1,500 ரூபாய்தான், ஆனால் ஒட்டுப்போட்ட பிணைச்சலுக்குப் பதில் முழுப் பிணைச்சல் இருக்கை கிடைத்தது.

அடுத்தது எதிர்ப்பக்கம். அன்று நல்ல நிலையில் பாவித்த லேப்டாப் ஒன்று, எட்டாம் தலைமுறை i5, 85,000 ரூபாய். அதில் பாதி 42,500. எங்கள் 34,500 அதற்குள் நிற்கிறது. ஆனால் அந்த ஒப்பீட்டோடு விடக்கூடாது, எத்தனை வருடத்துக்கு என்றும் பார்க்க வேண்டும். திருத்தினால் இரண்டு வருடம் என்று வைத்தேன், அதற்கு மேல் நம்பிக் கணக்குப் போட மாட்டேன். வருடத்துக்கு 17,250. பாவித்த லேப்டாப்புக்கு எப்படியும் ஒரு பற்றரி மாற்ற வேண்டிவரும். 96,000 என்று வைத்து நாலு வருடம் பிரித்தால் வருடத்துக்கு 24,000. புதியது 165,000, ஆறு வருடம், வருடத்துக்கு 27,500.

இன்னொன்று. எஸ்எஸ்டி அவருடைய சொத்து. நாளை இந்த லேப்டாப் செத்தாலும் அதை ஒரு யூஎஸ்பி உறையில் போட்டு வெளி டிஸ்க்காகப் பாவிக்கலாம், அல்லது அடுத்ததற்கு மாற்றலாம். அதைக் கழித்தால் இந்த லேப்டாப்பில் உண்மையில் புதைப்பது 26,000தான்.

டீச்சர் திருத்தினார். ஒரே நாளில் எல்லாம் வாங்கவில்லை, எஸ்எஸ்டியை முதலில் போட்டு, வீங்கிய பற்றரியைக் கழற்றிவிட்டு, ஒரு வாரம் சார்ஜரில் ஓடவிட்டோம். ஒரு தடவையாவது திடீரென நின்றால் போட் சந்தேகம், மீதிச் சாமானுக்குக் காசு கொடுக்க வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். நிற்கவில்லை. அதன் பிறகுதான் பற்றரியும் மேலுடலும் வந்தன. கழற்றி மாற்றும் சாமானில் மலிவானதையும், வேறெங்கும் பயன்படக்கூடியதையும் முதலில் போட்டுச் சோதித்தால், போட் பழுதை 8,500 ரூபாயில் கண்டுபிடிக்கலாம். எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டால் 34,500இல் கண்டுபிடிப்பீர்கள்.

விண்டோஸ் 10க்கு இனி அப்டேட் வராதாமே, அப்ப திருத்தி என்ன பிரயோசனம்?

நான் இரண்டு வருடத்துக்கு மேல் கணக்குப் போடாததற்கு அதுதான் காரணம். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14இல் முடிந்தது. பதிவு செய்துகொண்டவர்களுக்குப் பாதுகாப்பு அப்டேட் 2026 ஒக்டோபர் 13 வரை நீட்டிக்கப்பட்டது. விண்டோஸ் 11க்கு இன்டெல் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தியதும் TPM 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். தலைமுறையை இலக்கத்தில் பார்க்கலாம்: i5-6200U என்றால் ஆறு, i5-8250U என்றால் எட்டு.

ஆகவே எட்டுக்குக் கீழான லேப்டாப்பைத் திருத்தும்போது, அதன் பிறகு என்ன ஓடப்போகிறது என்பதையும் தீர்மானியுங்கள். வங்கி வேலையும் மின்னஞ்சலும் செய்பவர்கள் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டால் பழைய ஆறாம் தலைமுறையில் நன்றாக ஓடும், பாமினியும் அதில் வேலைசெய்யும். வேர்ட்டில் அட்டவணையோடு செய்த வினாத்தாள், மின்ட்டில் வேர்ட்டுக்குப் பதிலாக இருக்கும் லிப்ரே ஒபிஸில் இடம் மாறலாம். டீச்சரிடம் அதைக் காட்டினேன், இரண்டு தாளில் கோடுகள் விலகின. அவர் விண்டோஸை இணையம் இல்லாமல் வினாத்தாளுக்கு வைத்துக்கொண்டு, இணைய வேலையை மின்ட்டில் செய்கிறார். குறிப்பிட்ட விண்டோஸ் மென்பொருள் இல்லாமல் முடியாது, அதுவும் இணையத்தோடு வேண்டும் என்றால், அந்த லேப்டாப்பைத் திருத்தாமல் எட்டாம் தலைமுறைக்கு மாறுங்கள்.

கடையில குடுத்தா உள்ள இருக்கிற படங்களைப் பார்ப்பாங்களோ எண்டு பயமா இருக்கு.

நியாயமான பயம், கேட்கக் கூச்சப்பட வேண்டாம். பிணைச்சல், கீபோட், ஸ்கிரீன், பற்றரி வேலைக்கு உங்கள் டிஸ்க் தேவையே இல்லை. அதைக் கழற்றி உங்கள் கையில் தரச் சொல்லுங்கள். 2.5 அங்குல டிஸ்க் என்றால் சில ஆணிதான், உங்கள் முன்னாலேயே கழற்றலாம். சோதித்துப் பார்க்கக் கடைக்காரரிடம் பென் டிரைவில் லினக்ஸ் இருக்கும். டிஸ்க்கோடு கொடுத்தே ஆக வேண்டுமென்றால், முதலில் பிரவுசரில் எல்லாக் கணக்கிலிருந்தும் வெளியேறி, புதிதாக ஒரு பயனர் கணக்கு உருவாக்கி அதன் கடவுச்சொல்லை மட்டும் கொடுங்கள். இது கதவை மூடுவது மட்டும்தான், பூட்டுவது அல்ல. டிஸ்க் குறியாக்கம் செய்யப்படாவிட்டால் வேறு கணினியில் செருகி வாசிக்கலாம்.

குறியாக்கம் இருந்தால் வேறொரு ஆபத்து. மைக்ரோசொப்ட் கணக்கோடு தொடங்கிய பல புதிய லேப்டாப்புகள் உங்களுக்குத் தெரியாமலே டிஸ்க்கைப் பூட்டியிருக்கும். மதர்போட் மாற்றினால் 48 இலக்கத் திறவுகோலைக் கேட்கும், அது இல்லாவிட்டால் உங்கள் படங்கள் உங்களுக்கும் திறக்காது. கொடுப்பதற்கு முன் aka.ms/myrecoverykey என்ற முகவரியில் உள்நுழைந்து, அந்த 48 இலக்கத்தையும் கொப்பியில் எழுதி வையுங்கள். சேமிப்பகம் போட்டிலேயே பற்றவைக்கப்பட்ட மெல்லிய லேப்டாப் என்றால் கழற்றி வைக்கவே முடியாது. போட் போனால் கோப்பும் போகும், ஆகவே அதற்குப் பிரதி எடுப்பது மட்டுமே வழி.

வேற வாங்கினா, பழசை என்ன செய்ய?

வீங்கிய பற்றரியோடு அலுமாரியில் வைக்காதீர்கள், வெயிலில் நிற்கும் வாகனத்துக்குள்ளும் வேண்டாம். பற்றரியைக் கழற்றி, முனைகளை டேப்பால் மூடி, மின்கழிவு எடுப்பவர்களிடம் தனியாகக் கொடுங்கள், குப்பையோடு சேர்க்க வேண்டாம். டிஸ்க்கை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், விற்பதானாலும் டிஸ்க் இல்லாமல் விற்கலாம். மீதி உடல், ஸ்கிரீன், ரேம், மேலுடல் எல்லாவற்றுக்கும் சாமானாக விலை உண்டு. டீச்சருக்குக் கிடைத்த மேலுடலும் யாரோ ஒருவர் அப்படிக் கொடுத்த லேப்டாப்பிலிருந்து வந்ததுதான்.